அம்மை போட்டதால் கோவா தள்ளிப் போனது: டிக்கெட்டை மாற்றுவதா, கேன்சல் செய்வதா?

கேமரா ஆடுகிறதா? ஆடட்டும், காற்று அப்படி. ஏற்காட்டில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் தெரிவது சில்வர் ஓக் மரம், அதில் ஏறியிருப்பது மிளகுக் கொடி. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதற்குள் சின்னவன் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான். இப்போது உள்ளே தூங்குகிறான். அவன் எழுந்துகொள்வதற்குள் பேசி முடிக்க வேண்டும்.

மே மாதம் கோவா வீடியோ வரும் என்று சொல்லியிருந்தேன். வரவில்லை. என்ன ஆச்சு என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். பெரியவளுக்கு அம்மை போட்டுவிட்டது. மே 6, செவ்வாய்க்கிழமை காலையில் தலை வாரும்போது கழுத்தில் இரண்டு கொப்புளம் பார்த்தேன், வியர்க்குரு என்றுதான் நினைத்தேன். மதியத்துக்குள் வயிறு முழுக்க வந்துவிட்டது. மாமியார் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு, கோட்டை மாரியம்மன் கோவிலுக்குப் போய்த் தீர்த்தம் வாங்கி வந்துவிட்டார். நாங்கள் 11ஆம் தேதி ஞாயிறு இரவு சேலத்தில் ரயில் ஏறி, 12ஆம் தேதி சென்னையிலிருந்து கோவாவுக்கு விமானம் பிடிக்க வேண்டியவர்கள். பெரியவர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், நான்கு டிக்கெட். கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டாமல் அம்மை போட்ட பிள்ளையை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. அதனால் போவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. பணத்தை எப்படி மீட்பது என்பது மட்டும்தான் கேள்வி.

எங்கள் வீட்டுக்காரர் அன்று ராத்திரியே போனை எடுத்து, 24ஆம் தேதிக்கு மாற்றிவிடலாம், ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள போய்ட்டு வந்துடலாம் என்றார். கிட்டத்தட்ட அமுக்கியே விட்டார். நான்தான் காலையில் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றுவோம் என்று பிடுங்கி வைத்தேன். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: தம்பிக்கு வந்திருக்கிறதா, ஊசி போட்டிருக்கிறதா? வரவில்லை, போடவில்லை. அப்படியென்றால் மூன்று வாரம் வரைக்கும் அவனுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம், எந்த டிக்கெட்டும் போடாதீர்கள் என்றார். மே 21ஆம் தேதி அவனுக்கு வந்தது. 24ஆம் தேதிக்கு மாற்றியிருந்தால் இரண்டாவது முறையும் மாற்றுக் கட்டணம் கட்டியிருப்போம், ஏனென்றால் அந்தக் கட்டணம் ஒவ்வொரு முறை தேதி மாற்றும்போதும் முழுசாக விழும். புதுத் தேதி நிச்சயமாகத் தெரியாதவரை மாற்று பட்டன் பக்கமே போகாதீர்கள். கேன்சல் செய்தால் குறைந்தபட்சம் மீதிப் பணம் கைக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். இந்த நோட்டைக் கிட்டக் காட்டுகிறேன் பாருங்கள், மஞ்சள் கறை எல்லாம் இருக்கும், கண்டுகொள்ளாதீர்கள். இது மே 7ஆம் தேதி காலையில் அடுப்படியில் நின்று எழுதியது.

போகும் டிக்கெட் ஒரு ஆளுக்கு 3,170 ரூபாய். மார்ச்சில் ஆஃபரில் போட்டது. அதைப் பிரித்தால் அடிப்படைக் கட்டணம் 2,400, அதன் மேல் ஜிஎஸ்டி 120, மீதி 650 விமான நிலையக் கட்டணமும் பாதுகாப்புக் கட்டணமும். திரும்பும் டிக்கெட் 18ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அதனால் விலை ஏறி 6,100. இந்தப் பிரிப்பு உங்கள் டிக்கெட் பிடிஎஃப்பில் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், முதலில் அதைத் தேடி எடுங்கள். மொத்த விலையை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும்.

விமான நிறுவனத்தின் விதி, எங்கள் டிக்கெட்டுக்கு, இப்படி இருந்தது. தேதி மாற்றினால் ஒரு ஆளுக்கு, ஒரு பயணத்துக்கு 2,800. கேன்சல் செய்தால் 3,400. இரண்டுமே வரி சேர்த்து. இது புறப்பட நான்கு நாளோ அதற்கு மேலோ இருந்தால். மூன்று நாளுக்குள் வந்துவிட்டால் இரண்டும் ஐந்நூறு ஐந்நூறு ஏறும். இதைப் பார்த்தவுடன் யாருக்கும் என்ன தோன்றும்? 2,800 குறைவு, 3,400 அதிகம், அப்போ மாற்றிவிடுவோம். எங்கள் வீட்டுக்காரருக்கும் அதுதான் தோன்றியது. நாங்கள் முன்பதிவு செய்த தளமும் 'தேதி மாற்று' என்ற பட்டனைத்தான் பெரிசாகப் பச்சையில் வைத்திருந்தது, கேன்சல் என்பது கீழே சாம்பல் நிறத்தில் ஒளிந்துகொண்டிருந்தது.

அந்த இரண்டு எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. காரணம் இரண்டு. கேன்சல் கட்டணம் என்று எவ்வளவு போட்டிருந்தாலும், அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் அவர்கள் எடுக்கக் கூடாது. இது விமானப் போக்குவரத்து இயக்ககம், அதாவது டிஜிசிஏ போட்டிருக்கும் விதி. பயணம் செய்யாதவரிடம் வாங்கிய விமான நிலையக் கட்டணங்களையும் அவர்கள் வைத்துக்கொள்ள முடியாது, ஆஃபர் டிக்கெட்டாக இருந்தாலும் திருப்பித்தான் ஆக வேண்டும். ஆக 3,170 ரூபாய் டிக்கெட்டுக்கு 3,400 பிடிக்க முடியாது. 2,400ஐயும் அதன் ஜிஎஸ்டி 120ஐயும் எடுத்துக்கொண்டு 650ஐத் தந்தாக வேண்டும்.

மாற்றும்போது அப்படி எந்த உச்சவரம்பும் உங்களுக்கு உதவாது. 2,800 முழுசாகப் போகும், அதோடு புதுத் தேதியில் விலை கூடியிருந்தால் வித்தியாசமும் கட்ட வேண்டும். விலை குறைந்திருந்தால்? எங்கள் டிக்கெட்டில் மிச்சம் திரும்ப வராது, அவர்களுக்கே. இதுதான் இரண்டாவது காரணம், இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்.

புதுத் தேதி எங்களுக்குக் காலாண்டு விடுமுறைதான். அக்டோபர் 1 ஆயுத பூஜை, 2 விஜயதசமி, அந்த வாரம் எப்படியும் பள்ளி இருக்காது. செப்டம்பர் 28 போக, அக்டோபர் 5 ஞாயிறு திரும்ப என்று வைத்துக்கொண்டு, புதிதாக வாங்குபவர் மாதிரி இன்னொரு போனில் விலை பார்த்தேன். போக 4,000.

மாற்றினால்: கட்டணம் 2,800, விலை வித்தியாசம் 830, மொத்தம் 3,630 கையிலிருந்து போகும். கேன்சல் செய்து புதிதாக வாங்கினால்: 4,000 கொடுக்கிறேன், 650 திரும்ப வருகிறது, போவது 3,350. ஆளுக்கு 280 மிச்சம். இதை நான் மூன்று முறை போட்டுப் பார்த்தேன், நம்பவே முடியவில்லை. மலிவு டிக்கெட்டில் மாற்றுக் கட்டணமே டிக்கெட்டின் அடிப்படை விலையை விட அதிகம், அதுதான் விஷயம். பழைய டிக்கெட்டைக் காப்பாற்றுவதற்கு அந்த டிக்கெட்டின் மதிப்பை விட அதிகமாகச் செலவு செய்கிறோம்.

திரும்பும் டிக்கெட் வேறு கதை. அக்டோபர் 5 ஞாயிறு விலை 7,000 காட்டியது. மாற்றினால் 2,800, அதோடு வித்தியாசம் 900, ஆக 3,700. கேன்சல் செய்தால் 6,100இல் 3,400 போக 2,700 வரும், 7,000 கொடுத்து வாங்கினால் 4,300 போகும். இங்கே மாற்றுவதுதான் லாபம், ஆளுக்கு 600. சரி, போவதைக் கேன்சல், வருவதை மாற்று என்று நோட்டில் எழுதிக் கோடும் போட்டுவிட்டேன். அப்புறம் சும்மா 3ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்ன விலை என்று பார்த்தேன். 4,300! ஞாயிறு அன்றுதான் எல்லாரும் ஊர் திரும்பப் பார்ப்பதால் ஞாயிறு விலை மட்டும் ஏறியிருக்கிறது.

4,300 என்றவுடன் கணக்கே புரண்டுவிட்டது. மாற்றினால் 2,800 போகும், விலை 1,800 குறைந்திருப்பது எனக்கு வராது. கேன்சல் செய்தால் 2,700 வரும், 4,300க்கு வாங்குவேன், போவது 1,600தான். ஆளுக்கு 1,200 மிச்சம், நான்கு பேருக்கு 4,800. அதே டிக்கெட், அதே விதி, இரண்டு நாள் தள்ளியதில் பதில் தலைகீழ். புது விலை பழைய விலையை விடக் கூடினால் பெரும்பாலும் மாற்றுவது நல்லது, நன்றாகக் குறைந்தால் கேன்சல் நல்லது, ரொம்ப மலிவாக வாங்கிய டிக்கெட் என்றால் விலை கூடினாலும் கேன்சல் நல்லதாக இருக்கலாம். உங்கள் எண்களைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆக இரண்டையும் கேன்சல் செய்தோம். எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து கூடுதலாகப் போனது 19,800. பச்சை பட்டனை அமுக்கி இரண்டையும் மாற்றியிருந்தால் 25,720 போயிருக்கும். வருத்தம் இருக்கத்தான் செய்கிறது, பத்தொன்பதாயிரம் சின்னத் தொகை இல்லை, ஆனால் ஆறாயிரம் தப்பியது.

கேன்சல் பட்டனை அமுக்கிய இடத்தில் இரண்டு விஷயம் நடந்தது. முன்பதிவு தளத்தில் போய்ப் பார்த்தால் போகும் டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் 650 இல்லை, 350 என்று காட்டியது. என்னடா என்று விவரத்தைத் திறந்தால் அந்தத் தளத்தின் சேவைக் கட்டணம் ஆளுக்கு ஒரு பயணத்துக்கு 300. நான்கு பேர், இரண்டு பயணம், 2,400 ரூபாய். போகும் டிக்கெட்டில் நான் மிச்சம் பிடித்த 280ஐ அது அப்படியே விழுங்கிவிடும். அதனால் அதை மூடிவிட்டு, விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் Manage Booking என்ற இடத்தில் பிஎன்ஆர் எண்ணையும் பெயரையும் போட்டேன். அங்கே சேவைக் கட்டணம் இல்லாமல் 650 காட்டியது. எல்லா முன்பதிவுக்கும் இப்படி விடுவார்களா என்றால், சிலவற்றில் 'வாங்கிய இடத்துக்கே போ' என்று வரும். எங்களுக்கு விட்டது.

அடுத்தது, ரீஃபண்ட் எங்கே வேண்டும் என்று கேட்கும் பக்கம். அதில் முன்கூட்டியே டிக் ஆகியிருந்தது Credit Shell, அதாவது பணத்தை அவர்களிடமே வைத்திருந்து அடுத்த டிக்கெட்டுக்குப் பயன்படுத்துவது. பணமாக வேண்டும் என்பதற்குக் கீழே இறங்கித் தேட வேண்டியிருந்தது. கிரெடிட்டாக வாங்குவதா பணமாக வாங்குவதா என்பது பயணியின் விருப்பம், நிறுவனம் தானாக முடிவு செய்யக் கூடாது என்று அதே டிஜிசிஏ விதியில்தான் இருக்கிறது. ஆனால் டிக்கை யார் பார்க்கிறார்கள்? கண்ணை மூடிக்கொண்டு ஓகே கொடுத்துவிட்டு அப்புறம் கஸ்டமர் கேரில் ஹிந்திப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதனால் கடைசி ஓகேவுக்கு முன்னால் வரும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எவ்வளவு, எங்கே என்று இரண்டும் அதில் தெரிய வேண்டும்.

இடைத்தரகர் தளம் மூலம் வாங்கியதால் பணம் முதலில் அவர்களுக்குப் போய், அப்புறம் எனக்கு வர வேண்டும். நேரடியாகக் கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் ஏழு நாளுக்குள் என்று விதி, ஏஜென்ட் வழியாக என்றால் 2025இல் முப்பது வேலை நாள் வரை என்று இருந்தது. எனக்குப் பத்தொன்பது நாள் ஆனது. பதினைந்தாவது நாள் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு மெயில் போட்டேன், அதனால் வந்ததா, தானாக வந்ததா, கடவுளுக்கே வெளிச்சம். டிக்கெட் போடும்போது அந்தத் தளம் வாங்கிய கன்வீனியன்ஸ் ஃபீஸ் மட்டும் திரும்ப வரவில்லை, வராது.

புது டிக்கெட் போடும்போது இந்த முறை நேரடியாக விமான நிறுவனத்திடமே போட்டேன். அதிலும் ஒரு கூத்து. அவசரத்தில் 28ஆம் தேதிக்குப் பதில் 27 என்று போட்டுவிட்டேன், அதாவது நாங்கள் ரயில் ஏற வேண்டிய நாளே விமானம்! நல்லவேளை, 2025இல் இருந்த விதிப்படி, புறப்பட ஏழு நாளுக்கு மேல் இருக்கும் டிக்கெட்டைப் போட்ட 24 மணி நேரத்துக்குள் கட்டணமே இல்லாமல் கேன்சல் செய்யலாம், மாற்றலாம். விலை வித்தியாசம் இருந்தால் அது மட்டும். எனக்கு 28ஆம் தேதி அதே விலைதான், ஒரு பைசா போகவில்லை.

ரயிலுக்கு வருவோம். இங்கே அவசரமே இல்லை, அதனால்தான் கடைசியில் வைத்தேன். விமானத்துக்கு நான்கு நாள் கோடு 8ஆம் தேதியோடு முடிகிறது, ரயிலுக்கு, 2025இல் இருந்த விதிப்படி, 48 மணி நேரத்துக்கு முன்னால் எப்போது கேன்சல் செய்தாலும் ஒரே கட்டணம். அந்த விதிப்படி கன்ஃபர்ம் ஆன ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு ஆளுக்கு 120. 48 மணிக்குள் வந்தால் கட்டணத்தில் கால் பங்கு, 12 மணிக்குள் பாதி பிடித்தார்கள், 4 மணிக்குள் என்றால் ஒன்றுமே திரும்ப வராது. எங்கள் ரயில் ஏற்காடு எக்ஸ்பிரஸ், ஞாயிறு ராத்திரி பத்து மணி வாக்கில் சேலம். அப்படியென்றால் வெள்ளி ராத்திரி வரைக்கும் நேரம்.

எங்கள் டிக்கெட்டில் நான்கு பேரில் இரண்டு பேருக்குக் கன்ஃபர்ம், இரண்டு பேருக்கு வெயிட்டிங் லிஸ்ட். நான் முதலில் வெயிட்டிங் லிஸ்ட் இரண்டை மட்டும் கேன்சல் செய்துவிட்டு, மற்ற இரண்டை அப்புறம் பார்ப்போம் என்று போனேன். சித்தப்பா போனில் கத்தினார், "ஏம்மா, நாலையும் ஒண்ணா பண்ணும்மா!" அவர் சொன்னது சரிதான். ஒரே டிக்கெட்டில் சிலருக்குக் கன்ஃபர்ம், சிலருக்கு வெயிட்டிங் என்று இருந்தால், நான்கு பேரையும் சேர்த்துக் கேன்சல் செய்யும்போது கன்ஃபர்ம் ஆனவர்களுக்கும் 60 ரூபாய்தான் பிடிப்பார்கள். மொத்தம் 240. நான் முதலில் வெயிட்டிங்கை எடுத்துவிட்டிருந்தால் மிச்சம் இருப்பது சுத்தமான கன்ஃபர்ம் டிக்கெட், அதற்கு 120 வீதம்தான். வித்தியாசம் 120 ரூபாய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏசி டிக்கெட்டிலோ, கடைசி நாளிலோ இதுவே பெரிய தொகை. ஏனென்றால் இந்தச் சலுகை வண்டி புறப்பட அரை மணி நேரம் முன்பு வரை உண்டு, கால் பங்கு, பாதி என்ற வெட்டு எதுவும் விழாது. வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபர்ம் ஆகிவிட்டால்தான் போச்சு. கன்ஃபர்ம் ஆகவில்லையே என்று வருத்தப்படாத ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

திரும்பும் ரயில் நான்கும் கன்ஃபர்ம், 480 போனது. தட்கலில் போட்ட கன்ஃபர்ம் டிக்கெட் என்றால் எதுவும் வராது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

தங்கும் இடம் பற்றிக் கொஞ்சமாகச் சொல்கிறேன், அது பேச்சில் தீர்வது. ஆப்பில் 'ரீஃபண்ட் இல்லை' என்று இருந்தது. நான் கேன்சல் பட்டனைத் தொடவே இல்லை, நேராக அந்த வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டு, பிள்ளைக்கு அம்மை, தேதி மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்றேன். பூஜை வாரத்துக்கு ராத்திரிக்கு நானூறு ரூபாய் அதிகம், அதை மட்டும் கொடுங்கள் என்றார். இந்த யோசனையும் சித்தப்பாவுடையதுதான். அவர் இங்கே மூன்று அறையை வாடகைக்கு விடுகிறார். கோடை விழா வாரத்தில் யாராவது முந்தின நாள் போன் செய்து பணத்தைத் திருப்பிக் கொடு என்றால் அவருக்குக் கோபம் வருமாம், ஏனென்றால் அந்த அறையை இனி யாருக்கு விடுவது? ஐந்து நாள் முன்னால் சொல்லி, அப்புறம் வருகிறேன், அட்வான்ஸ் உங்களிடமே இருக்கட்டும் என்றால் அவரே இறங்கி வந்துவிடுவார். வாட்ஸ்அப்பில் புதுத் தேதியும் கட்டிய தொகையும் எழுதி வாங்கிக்கொள், வாய்ப்பேச்சு வேண்டாம் என்பதையும் அவரே சொன்னார்.

எழுந்துவிட்டான் போல, சத்தம் கேட்கிறது. நெற்றியில் ஒரு தழும்பு நின்றுவிட்டது அவனுக்கு, சொறியாதே சொறியாதே என்று சொன்னால் கேட்டால்தானே. ரயில் இன்னும் போடவில்லை, அறுபது நாள் முன்னால்தான் திறக்கும். செப்டம்பர் 27 ராத்திரி வண்டிக்கு ஜூலை 29 காலை எட்டு மணி, திரும்பும் வண்டிக்கு ஆகஸ்ட் 4. இரண்டுக்கும் போனில் அலாரம் வைத்திருக்கிறேன், எங்கள் வீட்டுக்காரர் போனிலும் வைத்துவிட்டேன். டேய், கதவைத் திறக்காதே, வருகிறேன் இரு.